சின்ன மொழிப்பயிற்சிச் செயலி: ஸ்டோர் பக்கத்தில் எதை எழுதுவது, எந்தப் படத்தை முதலில் வைப்பது

மொழி கற்றுத்தரும் சின்னச் செயலி ஒன்றைச் செய்து ஆப் ஸ்டோரிலும் பிளே ஸ்டோரிலும் ஏற்றியாகிவிட்டது. டவுன்லோட் மட்டும் நகரவில்லை. பெரும்பாலோர் அப்போது உட்கார்ந்து திருத்துவது நீளமான விவரிப்பைத்தான். 4000 எழுத்து வரை இடம் இருப்பதால் அங்கேதான் வேலை இருக்கிறது என்று தோன்றிவிடும். ஆனால் பார்க்க வருகிறவர் அதுவரை வருவதே அபூர்வம். ஐபோனில் ஒருவர் தேடும்போது அவர் கண்ணில் படுவது ஐகான், பெயர், பெயருக்குக் கீழே ஒரு துணைத்தலைப்பு, நட்சத்திர மதிப்பீடு, அதன் கீழே வரிசையாக மூன்று ஸ்கிரீன்ஷாட். செங்குத்துப் படங்களாக இருந்தால், காணொளி எதுவும் வைக்காவிட்டால், இந்த மூன்றும் தேடல் பட்டியலிலேயே தெரியும். உள்ளே போகாமலே அங்கிருந்தே டவுன்லோட் பொத்தானை அழுத்திவிடலாம். அதனால் இந்தக் கட்டுரையில் பெயர், துணைத்தலைப்பு, முதல் மூன்று படம் ஆகியவற்றைத்தான் அதிகம் பேசப்போகிறேன்.

பேச ஒரு உதாரணம் வேண்டும். `Mizu` என்று ஒரு கற்பனைச் செயலி. ஜப்பானிய மொழியின் ஹிரகானா, கத்தகானா எழுத்துகளை விரலால் எழுதிப் பழக வைக்கிறது. ஒவ்வொன்றிலும் அடிப்படை எழுத்து 46. காஞ்சி என்ற சீனவழி எழுத்துகள் கிடையாது, உரையாடல் கிடையாது, இலக்கணம் கிடையாது. இணையம் இல்லாமலும் ஓடும். ஆங்கிலத்தில் விளக்கம் தருகிறது. செய்தவர் ஒரே ஆள்.

முதலில், எங்கே ஒழுகுகிறது?

ஆப்பிளின் அனலிட்டிக்ஸ் பக்கத்தில் `Impressions` என்று ஒரு எண் இருக்கும். செயலியின் ஐகான் ஒருவரின் திரையில் குறைந்தது ஒரு நொடி தெரிந்த தடவைகளின் கணக்கு அது. அதோடு டவுன்லோட் எண்ணிக்கையும் இருக்கும். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் எதையும் மாற்றத் தொடங்கக் கூடாது.

ஐகான் யார் கண்ணிலும் படவே இல்லை என்றால் அது சொற்களின் கோளாறு. மக்கள் தேடும் வார்த்தை உங்கள் பெயரிலும் துணைத்தலைப்பிலும் இல்லை. எவ்வளவு அழகான ஸ்கிரீன்ஷாட் போட்டாலும் அது தீராது. நிறையப் பேர் கண்ணில் பட்டும் யாரும் இறக்கவில்லை என்றால் படங்களின் கோளாறு, அல்லது தப்பான சொல்லால் தப்பான ஆட்கள் வருகிறார்கள். இரண்டுக்கும் மருந்து வேறு. ஸ்கிரீன்ஷாட்டை மாற்றி மாற்றிப் போட்டு அலுத்துப்போகிறவர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் முதல் கோளாறுதான் என்பது என் அனுமானம்.

பெயரும் துணைத்தலைப்பும்

ஆப் ஸ்டோரில் பெயருக்கு 30 எழுத்து, துணைத்தலைப்புக்கு 30 எழுத்து. இவை தவிர, வெளியே தெரியாத குறிச்சொல் பெட்டி ஒன்று உண்டு; அதற்கு 100 எழுத்து. தேடலுக்கு ஆப்பிள் படிப்பது முக்கியமாக இந்த மூன்றையும்தான். நீண்ட விவரிப்பை அது தேடலுக்கு எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே அங்கே ஒரே சொல்லை இருபது தடவை எழுதுவதில் பயன் எதுவும் இல்லை.

நம் உதாரணச் செயலி முதலில் இப்படித்தான் வெளியானது என்று வைத்துக்கொள்வோம்:

```
Name:      Mizu
Subtitle:  Your fun language journey
```

பெயருக்குக் கிடைத்த 30 இடத்தில் 26 காலி. துணைத்தலைப்பில் இருக்கும் எந்தச் சொல்லையும் ஜப்பானிய எழுத்து பழக நினைக்கும் ஒருவர் தேடல் பெட்டியில் தட்டப்போவதில்லை. எந்த மொழி என்பதுகூட அதில் இல்லை! கேட்டால் வினோதமாக இருக்கும், ஆனால் மொழிச் செயலிகளில் இது அடிக்கடி நடக்கிறது. செய்தவருக்கு அது அவ்வளவு தெரிந்த விஷயம் என்பதால் சொல்ல மறந்துவிடுகிறார்.

மாற்றி எழுதியது:

```
Name:      Mizu: Learn Japanese Kana
Subtitle:  Hiragana & Katakana by writing
Keywords:  alphabet,stroke,order,handwriting,beginner,practice,quiz,script,letters,draw,offline,study,flashcard
```

பெயர் 25 எழுத்து, துணைத்தலைப்பு சரியாக 30, குறிச்சொல் சரியாக 100. கொஞ்சம் நின்று பாருங்கள். குறிச்சொல் பெட்டியில் காற்புள்ளிக்குப் பிறகு இடைவெளி விடவில்லை, ஏனென்றால் இடைவெளியும் ஒரு எழுத்தாகக் கணக்கில் போகும். `japanese`, `hiragana` போன்றவை மேலே ஏற்கெனவே வந்துவிட்டதால் மறுபடி எழுதவில்லை. திரும்ப எழுதினால் இடம்தான் வீண். `stroke order` என்று சேர்த்து எழுதாமல் தனித்தனியாகப் போட்டதற்கும் காரணம் உண்டு. மூன்று பெட்டிகளிலும் உள்ள தனிச்சொற்களை ஸ்டோர் தானே கோத்துப் பார்த்துக்கொள்கிறது. `japanese alphabet`, `hiragana stroke order`, `katakana quiz` என யார் எப்படித் தேடினாலும் பொருத்தம் கிடைக்கும்.

இந்தப் பட்டியலில் இல்லாத ஒரு சொல்லையும் கவனியுங்கள்: `kanji`. ஜப்பானியம் படிப்பவர்கள் வெகுவாகத் தேடும் சொல் அது. போட்டால் நிறையப் பேர் கண்ணில் படலாம். ஆனால் செயலியில் காஞ்சி இல்லை. அதைத் தேடி வந்தவர் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்ததுமே போய்விடுவார். பார்க்காமல் இறக்கியவர் ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போவார். முதல் பத்து மதிப்பீட்டுக்குள் இருக்கும் சின்னச் செயலிக்கு அந்த ஒரு நட்சத்திரம் பெரிய அடி. போட்டிச் செயலிகளின் பெயரைக் குறிச்சொல்லில் நுழைப்பதும் கூடாது. அது விதிமீறல், பரிசீலனையில் திரும்பிவரும்.

எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுப்பது என்பதற்குக் காசு கொடுத்துக் கருவி வாங்கத் தேவையில்லை, குறைந்தபட்சம் தொடக்கத்தில். ஸ்டோரின் தேடல் பெட்டியில் `learn jap` என்று தட்டி நிறுத்துங்கள். அது தானாக நீட்டிக் காட்டும் வரிகளெல்லாம் மக்கள் உண்மையில் தேடுபவை. ஒவ்வொன்றையும் தேடி முதல் ஐந்து முடிவுகளைப் பாருங்கள். ஐந்துக்கும் லட்சக்கணக்கில் மதிப்பீடு இருந்தால் அந்தச் சொல்லில் நீங்கள் மேலே வருவது இப்போதைக்கு நடக்காது. சில நூறு மதிப்பீட்டோடு யாராவது முதல் ஐந்தில் நிற்கிறார்களா, அங்கே உங்களுக்கும் இடம் உண்டு. பரந்த சொல் பெரிய நிறுவனங்களுக்குப் போகட்டும். எழுதிப் பழகும் ஹிரகானா என்ற குறுகிய சொல் சின்னவருக்குப் போதும்.

பிளே ஸ்டோரில் கதை கொஞ்சம் வேறு. அங்கே மறைவான குறிச்சொல் பெட்டி கிடையாது. தலைப்புக்கு 30 எழுத்து, சுருக்க விவரிப்புக்கு 80, முழு விவரிப்புக்கு 4000. முழு விவரிப்பில் உள்ள சொற்களும் தேடலில் கணக்காகின்றன. ஆகவே ஆப்பிளில் பட்டியலாகப் போட்ட சொற்களை இங்கே இயல்பான வாக்கியங்களுக்குள் கொண்டுவர வேண்டும். தலைப்பில் இமோஜி போடவோ, இலவசம், முதலிடம், சிறந்தது என்று எழுதவோ கூகுள் அனுமதிப்பதில்லை. சுருக்க விவரிப்பை இப்படி வைக்கலாம்:

```
Trace all 46 hiragana and 46 katakana. Works offline. No account needed.
```

இது 72 எழுத்து. மூன்று துண்டு, மூன்றும் சரிபார்க்கக்கூடிய உண்மை. `fun`, `easy`, `amazing` போன்ற சொற்களை எந்தச் செயலியும் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளலாம் என்பதால் படிப்பவர் அவற்றைத் தாண்டிப் போய்விடுவார். கணக்குத் தொடங்கத் தேவையில்லை என்பது அப்படியல்ல. இறக்கிய அடுத்த நிமிடமே எழுதத் தொடங்கலாம் என்று அது சொல்லிவிடுகிறது.

மூன்று படங்கள்

புதியவர்கள் வைக்கும் வரிசை பெரும்பாலும் செயலி திறக்கும் வரிசைதான். முதல் படம் சின்னத்தோடு வரவேற்புத் திரை, இரண்டாவது கணக்குத் தொடங்கும் திரை, மூன்றாவது பாடப் பட்டியல். செய்தவர் மனதில் செயலி அந்த வரிசையில் இருப்பதால் அப்படி வந்துவிடுகிறது. ஆனால் பார்ப்பவருக்கு இந்த மூன்றிலிருந்தும் எதுவும் தெரியாது. அதுமட்டுமல்ல, ஆப்பிளின் பரிசீலனை விதி 2.3.3, ஸ்கிரீன்ஷாட்கள் செயலியைப் பயன்படுத்தும் நிலையில் காட்ட வேண்டும், வெறும் தலைப்புப் படமோ உள்நுழையும் திரையோ போதாது என்கிறது.

மொழி படிக்க வந்தவர் அந்தச் சில நொடிகளில் மனதுக்குள் கேட்டுக்கொள்வது ஏறக்குறைய இவைதான். நான் தேடும் மொழியா, என் நிலைக்கு ஏற்றதா? இதில் நான் என்ன செய்வேன், கேட்பேனா, எழுதுவேனா, பேசுவேனா? தப்பாகச் செய்தால் சொல்லித்தருமா? முடித்தால் என்ன வரும்? மூன்று படமும் இவற்றுக்கு இதே வரிசையில் பதில் சொன்னால் போதும்.

நம் செயலியில் முதல் படம்: திரை முழுக்க あ என்ற ஒரே எழுத்து. அதன் மூன்று கோடுகளுக்கும் 1, 2, 3 என்று எண். இரண்டு கோடு எழுதி முடிந்திருக்கிறது, மூன்றாவது பாதியில் நிற்கிறது. மேலே `Learn kana by writing`. இந்த ஒரு படமே மொழி, நிலை, செய்யும் வேலை மூன்றையும் சொல்லிவிட்டது. இரண்டாவது படம்: அதே எழுத்து, ஆனால் ஒரு கோடு சிவப்பில், சரியான பாதை மெல்லிய புள்ளிகளில் தெரிகிறது. மேலே `See the wrong stroke`. திருத்திச் சொல்வதுதான் இந்தச் செயலியின் தனித்தன்மை என்றால் அதைப் பத்தாவது படத்தில் ஒளித்துவைப்பதில் அர்த்தமில்லை. மூன்றாவது படம்: えき, ரயில் நிலையம் என்ற சொல், படிக்கச் சொல்லும் பயிற்சித் திரை. மேலே `Read your first words`. எழுத்து பழகியவர் எங்கே போய்ச் சேர்வார் என்பது அது.

அடுத்து எழுத்தின் அளவு. இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம், ஏனென்றால் கண்ணை நம்பினால் ஏமாந்துவிடுவோம். பெரிய ஐபோனுக்கான ஸ்கிரீன்ஷாட் 1320 பிக்சல் அகலம், 2868 பிக்சல் உயரம். கணினித் திரையில் பெரிதாக விரித்து வடிவமைக்கும்போது 45 பிக்சல் எழுத்துகூட நன்றாகத் தெரியும். ஆனால் தேடல் பட்டியலில் மூன்று படம் பக்கவாட்டில் நிற்பதால் ஒவ்வொன்றும் போன் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகச் சுருங்கிவிடுகிறது. 45 பிக்சல் எழுத்து அங்கே 15க்குக் கீழே போய்விடும். ஐபோன் திரையில் மூன்று பிக்சல் சேர்ந்தால்தான் ஒரு பாயிண்ட். ஆக அது 5 பாயிண்ட் எழுத்துகூட இல்லை. யாராலும் படிக்க முடியாது. 12 பாயிண்ட் அளவுக்காவது தெரிய வேண்டுமானால் மூலப் படத்தில் எழுத்து 120 பிக்சல் சுமாருக்கு இருக்க வேண்டும். அந்த அளவில் ஒரு வரிக்கு ஏறக்குறைய 18 ஆங்கில எழுத்துதான் கொள்ளும். இரண்டு வரி என்றால் நான்கைந்து சொல். மேலே கொடுத்த வாசகங்கள் அவ்வளவு குட்டையாக இருப்பதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

சரிபார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. மூன்று படத்தையும் ஒரே வரிசையில் ஒட்டி, போனுக்கு அனுப்பி, போனின் அகலத்துக்குப் பொருந்தும்படி வைத்து, கையை நீட்டிப் பாருங்கள். செயலியைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் ஐந்து நொடி காட்டிவிட்டு மூடி, இது என்ன செய்யும் என்று கேளுங்கள். ஏதோ மொழி ஆப் என்று பதில் வந்தால் மறுபடி வேலை இருக்கிறது. ஜப்பானிய எழுத்தை எழுதிப் பழகுவது என்று வந்தால் சரி.

படம் எடுக்கும்போது மேல்பட்டியில் 7 சதவீத பேட்டரியும் யாரோ அனுப்பிய செய்தியின் அறிவிப்பும் இருந்தால் அரைகுறை வேலை போலத் தெரியும். ஐபோன் சிமுலேட்டரில் இந்த ஒரு கட்டளை போதும்:

```
xcrun simctl status_bar booted override --time "9:41" --batteryState charged --batteryLevel 100
```

9:41 என்பது ஆப்பிளின் விளம்பரப் படங்களில் வழக்கமாகத் தெரியும் நேரம். அதே நேரம்தான் வேண்டும் என்றில்லை. எல்லாப் படத்திலும் ஒரே நேரமாக இருந்தால் சரி.

ஆப்பிளில் பத்துப் படம் வரை வைக்கலாம், கூகுளில் ஒவ்வொரு கருவி வகைக்கும் எட்டு. நான்காவதிலிருந்து உள்ளே வந்து பார்ப்பவருக்கானவை: முழு எழுத்து அட்டவணை, இணையமின்றி ஓடுவது, முன்னேற்றத்தைக் காட்டும் திரை. சொல்ல எதுவும் இல்லாவிட்டால் ஐந்தோடு நிறுத்திக்கொள்ளலாம். பிளே ஸ்டோரில் பல தேடல்களில் பட்டியலிலேயே படங்கள் தெரிவதில்லை, ஐகானும் பெயரும் மதிப்பீடுமே தெரியும். அங்கே ஸ்கிரீன்ஷாட்டின் வேலை பக்கத்துக்குள் வந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. படத்தின் மேல் எழுதும் வாசகம் படப்பரப்பில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது கூகுளின் வழிகாட்டல். உடனே டவுன்லோட் செய்யுங்கள் போன்ற அழைப்புகளையும் அது விரும்புவதில்லை.

மொழிச் செயலிக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. ஸ்டோர் பக்கத்தை ஸ்பானிய மொழியிலும் வைத்தால் அந்த மொழிக்காரர்களும் வருவார்கள் என்று தோன்றும், வரத்தான் செய்வார்கள். ஆனால் செயலிக்குள் விளக்கமெல்லாம் ஆங்கிலத்தில் இருந்தால், தங்கள் மொழியில் கற்கலாம் என்று நம்பி இறக்கியவருக்குக் கோபம்தான் வரும். எந்த மொழியைக் கற்கிறோம் என்பதைப் போலவே எந்த மொழி வழியாகக் கற்கிறோம் என்பதும் பக்கத்திலேயே தெரிய வேண்டும். உள்ளே மொழிபெயர்க்காத வரை வெளியே மொழிபெயர்க்காமல் இருப்பதே நல்லது.

மாற்றிய பிறகு எண்களை எப்படிப் படிப்பது

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சும்மா ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். பழைய பெயரோடு ஒரு மாதத்தில் 2000 பேர் கண்ணில் பட்டது, 200 பேர் இறக்கினார்கள், 10 சதவீதம். பெயரை மாற்றிய அடுத்த மாதம் 9000 பேர் கண்ணில் பட்டது, 410 பேர் இறக்கினார்கள், ஏறக்குறைய 4.6 சதவீதம். விகிதம் பாதிக்கும் கீழே போய்விட்டதே என்று பதறிப் பழைய பெயருக்குத் திரும்பக்கூடாது. முதல் மாதம் வந்தவர்கள் பெரும்பாலும் யாரோ சொல்லி, `Mizu` என்று பெயரையே தட்டித் தேடியவர்கள். அவர்கள் எந்தப் படம் இருந்தாலும் இறக்குவார்கள். இரண்டாவது மாதம் முன்பின் தெரியாதவர்கள் வந்திருக்கிறார்கள். டவுன்லோட் இரட்டிப்பாகியிருக்கிறது. பெயரை மாற்றும்போது டவுன்லோட் எண்ணிக்கையைப் பாருங்கள். விகிதத்தைப் பார்க்க வேண்டியது பெயரைத் தொடாமல் படங்களை மட்டும் மாற்றும்போது. இதனாலேயே இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று பிறகு பிரித்தறிய வழியிருக்காது.

இரண்டு கடைகளிலும் சோதனை வசதி உண்டு. ஆப்பிளில் `Product Page Optimization` என்ற பெயரில், இப்போதைய பக்கத்துக்கு எதிராக மூன்று மாற்று வடிவம் வரை, 90 நாள் வரை ஓட்டலாம். ஆனால் ஐகான், ஸ்கிரீன்ஷாட், காணொளி மட்டும்தான், எழுத்துப் பகுதியைச் சோதிக்க முடியாது. கூகுளின் `Store listing experiments` விவரிப்புகளையும் சோதிக்க விடும், தலைப்பை விடாது.

ஆனால் சின்னச் செயலிக்கு இந்தச் சோதனைகள் எளிதில் பொய் சொல்லும். ஒரு வடிவத்தை 1000 பேர் பார்த்து 30 பேர் இறக்கினார்கள், இன்னொன்றை 1000 பேர் பார்த்து 36 பேர். இரண்டாவது 20 சதவீதம் மேல் என்று கொண்டாடத் தோன்றும். ஒரே பக்கத்தையே இரண்டு குழுவுக்குக் காட்டியிருந்தாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக சாதாரணமாகவே வரும். 3 சதவீதம் 4 ஆனதை ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல வேண்டுமானால் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஐயாயிரம் பேருக்கு மேல் வேண்டும். மாதம் 3000 பேர் கண்ணில் படும் செயலி இரண்டு வடிவத்தை ஒப்பிடவே மூன்றரை மாதம் ஆகும். ஆப்பிள் கொடுக்கும் 90 நாளுக்குள் முடியாது.

ஆகவே வாசகத்தின் நிறத்தையோ பின்னணியையோ சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம். சோதிப்பதானால் அடியோடு வேறான இரண்டு தொகுப்பை வையுங்கள்: ஒன்றில் எழுதும் திரை முதலில், மற்றதில் சொல் படிக்கும் திரை முதலில். வித்தியாசம் பெரிதாக இருந்தால் குறைந்த ஆட்களிலும் அது தெரியும்; தெரியாவிட்டால் எது பிடிக்கிறதோ அதை வைத்துக்கொண்டு, வருகிறவர்களின் எண்ணிக்கையைக் கூட்டும் சொல் வேலைக்குத் திரும்பலாம். ஆப்பிளில் பெயரையும் துணைத்தலைப்பையும் குறிச்சொல்லையும் பொதுவாகப் புதிய பதிப்போடுதான் மாற்ற முடியும் என்பதால், அடுத்த பிழைதிருத்தப் பதிப்பை அனுப்பும்போது பட்டியலில் பலன் தராத குறிச்சொற்களில் மூன்று நான்கை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். 170 எழுத்து விளம்பர வரி ஒன்றைத்தான் பதிப்பில்லாமல் எந்த நாளும் மாற்றலாம். அது தேடலுக்கு உதவாது. புதிதாகக் கத்தகானா பயிற்சி சேர்ந்திருக்கிறது என்பது போன்ற செய்தியைச் சொல்ல வைத்துக்கொள்ளலாம்.